பந்தை நிறுத்தக் கற்றுத்தரும் சின்னக் களம்

போன குளிர்காலத்தில் பதினோரு வயதுப் பேரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "தாத்தா, பந்து என் காலில் நிக்கவே மாட்டேங்குது. டீம்ல எடுக்கலை" என்றான். வாரம் இரண்டு நாள் காலனிக்குப் பக்கத்தில் வலை கட்டிய பச்சை டர்ஃபில் 'ஃபுட்ஸால்' ஆடுகிறவன் அவன். அப்புறமும் ஏன் நிற்கவில்லை? பொறியியல் படித்த புத்தி சும்மா இருக்குமா? டேப்பும் பந்தும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் களத்தின் கணக்கைப் பார்ப்போம். பதினொருவர் கால்பந்துக்கு வழக்கமான களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதில் 22 பேர் ஆடும்போது ஆளுக்குச் சுமார் 325 சதுர மீட்டர் கிடைக்கிறது. ஃபுட்ஸால் களம் 40-க்கு 20 மீட்டர். அணிக்கு ஐவராகப் பத்துப் பேர், ஆளுக்கு 80 சதுர மீட்டர்தான். பெரிய களத்தில் பந்து காலை விட்டு இரண்டடி விலகினாலும் ஓடிப் பிடித்துவிடலாம். இங்கே அந்த இரண்டடியில் எதிராளி நிற்பான்.

அடுத்தது பந்து. எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபுட்ஸால் பந்தின் சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர். பெரிய பந்து 68 முதல் 70. உண்மையான வித்தியாசம் துள்ளலில் இருக்கிறது. ஃபுட்ஸால் பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளல் 50 முதல் 65 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கதவு நிலையின் உச்சி கிட்டத்தட்ட 2 மீட்டர். அங்கிருந்து சிமெண்ட் தரையில் பந்தை விடுங்கள். முழங்கால் அளவோடு நின்றால் சரியான பந்து. பேரனின் டர்ஃபில் இருந்த பந்து இடுப்புக்கு மேலே எழும்பியது. அது சாதாரணக் கால்பந்து! துள்ளி ஓடும் பந்தைப் பாதத்தால் அடக்கிப் பழக முடியாது. போதாததற்குச் சுற்றிலும் வலை இருப்பதால் பந்து வெளியே போவதே இல்லை. தவறாக வாங்கினாலும் திரும்பி வந்துவிடுகிறது. பிழைக்குத் தண்டனை இல்லை.

சரியான பந்து கிடைத்த பிறகு பாடத்தைத் தொடங்கினோம். ஃபுட்ஸாலில் பந்தை உள்ளங்காலால் நிறுத்துவார்கள். ரயில்வேயில் நிற்கும் வேகன் உருண்டுவிடாமல் சக்கரத்தடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுப்போம். பாதமும் அப்படி ஓர் ஆப்பு. குதிகால் தாழ்ந்தும் விரல்கள் உயர்ந்தும் இருக்க, வரும் பந்து அந்த இடுக்கில் வந்து முன்பாதத்தடியில் அடங்க வேண்டும். பந்தின் விட்டம் சுமார் 20 சென்டிமீட்டர். குதிகால் அதற்கு மேலே இருந்தால் பந்து அடியில் நழுவிப் போய்விடும். பேரன் செய்த முதல் பிழை இதுதான். இரண்டாவது பிழை, பந்தின்மேல் ஏறி மிதித்தது. பந்து வழுக்கி இவன் விழுந்தான். உடல் பாரம் முழுவதும் நிற்கும் காலில் இருக்க வேண்டும். பந்தின்மேல் உள்ள காலை எந்த நொடியிலும் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். தூக்கும்போது தடுமாறினால் பாரம் தவறான காலில் இருக்கிறது.

பிறகு ஓரக்கோட்டருகே அவனை நிறுத்தி, பின்னால் இரண்டு மீட்டரில் ஒரு பையனை விட்டோம். பந்து வருமுன் ஒருமுறை தோள் வழியே திரும்பிப் பார்க்க வேண்டும். உடலைக் களத்தை நோக்கித் திறந்து, பந்து வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலின் உள்ளங்காலால் வாங்க வேண்டும். எதிராளி காலை நீட்டியதும் அதே பாதத்தால் பந்தைத் தன் பக்கம் உருட்டி இழுத்து, மறு காலால் தட்டிவிட வேண்டும். பந்து வெளியே போனால் மறுபடி உள்ளே உதைக்க 4 விநாடிதான். ஆகவே யோசனையை முன்பே முடித்துவிட வேண்டும். இரண்டு மாதத்தில் பந்து அவன் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஆனால் பள்ளி மைதானத்தில் புதுச் சிக்கல்கள் வந்தன. மேடுபள்ளமான புல்லில் பந்து எகிறி வந்தது. அங்கே பாதத்தின் உட்புறத்தால்தான் வாங்க வேண்டும். ஃபுட்ஸாலில் ஆஃப்சைடு இல்லை. அந்தப் பழக்கத்தில் கோல் அருகே போய் நின்று மூன்று முறை விசில் வாங்கினான். தலையால் முட்டுவதும் 40 மீட்டர் நீளப் பாஸும் சின்னக் களத்தில் வளர்வதில்லை. அவற்றைப் புல்லில்தான் கற்க வேண்டும்.

2021 நவம்பரில் முதல் தேசிய ஃபுட்ஸால் கிளப் போட்டி தில்லியில்தான் நடந்தது, தில்லி எஃப்.சி. வென்றது. ஆக, நம் ஊருக்கு இது புதிதல்ல. பிள்ளையை டர்ஃபில் சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்குமுன், அங்குள்ள பந்தைக் கீழே போட்டுப் பாருங்கள்.