மீதிகளைக் கீழிருந்து எழுதுவது ஏன்?

கணிப்பொறிப் பாடத்தின் முதல் பருவத் தேர்வில் இப்படி ஒரு வினா வருவதுண்டு: “430 என்னும் பதின்ம எண்ணை இரும எண்ணாகவும் பதினறும எண்ணாகவும் மாற்றுக.” தொடர்ந்து வகுத்து, மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும் என்பது விதி. ஏன் கீழிருந்து?

முதலில் 430-ஐப் பத்தால் வகுத்துப் பாருங்கள். ஈவு 43, மீதி 0. 43-ஐப் பத்தால் வகுத்தால் ஈவு 4, மீதி 3. 4-ஐ வகுத்தால் ஈவு 0, மீதி 4. மீதிகள் 0, 3, 4 என்ற வரிசையில் வந்தன. முதலில் கிடைத்தது ஒன்றாம் இட இலக்கம். அடுத்தது பத்தாம் இடம். கடைசியில் வந்தது நூறாம் இடம். ஆகவே கீழிருந்து படித்தால்தான் 430 கிடைக்கிறது.

இதே வேலையை 2-ஆல் செய்தால் இரும எண் வரும்.

```
430 ÷ 2 = 215   மீதி 0
215 ÷ 2 = 107   மீதி 1
107 ÷ 2 =  53   மீதி 1
 53 ÷ 2 =  26   மீதி 1
 26 ÷ 2 =  13   மீதி 0
 13 ÷ 2 =   6   மீதி 1
  6 ÷ 2 =   3   மீதி 0
  3 ÷ 2 =   1   மீதி 1
  1 ÷ 2 =   0   மீதி 1
```

கீழிருந்து எழுதினால் 110101110. மேலிருந்து எழுதியிருந்தால் 011101011 ஆகும்; அதன் மதிப்பு 235 தான். ஈவு 1 வந்ததும் வகுப்பதை நிறுத்திவிடுவதும் உண்டு. அப்போது இடது கோடியிலுள்ள 1 விடுபடும். அந்த இடத்தின் மதிப்பு 256. எனவே 430 என்பது 174 ஆகக் குறைந்துவிடும். ஈவு பூச்சியம் ஆகும்வரை வகுக்க வேண்டும்.

இனி 16-ஆல் வகுப்போம்.

```
430 ÷ 16 = 26   மீதி 14
 26 ÷ 16 =  1   மீதி 10
  1 ÷ 16 =  0   மீதி 1
```

இங்கே மீதி 15 வரை வரலாம். ஆனால் ஓர் இடத்தில் ஓர் இலக்கம்தான் நிற்க முடியும். ஆகவே 10 முதல் 15 வரையுள்ள மீதிகளுக்கு A, B, C, D, E, F என்ற எழுத்துகளை வைத்திருக்கிறார்கள். 10 என்பது A. 14 என்பது E. விடை 1AE. இதை மறந்து 11014 என்று எழுதினால் மூன்று இடங்கள் ஐந்தாகி, மதிப்பு 69,652 ஆகிவிடும்!

விடை சரிதானா என்று தேர்வுத்தாளிலேயே சோதிக்கலாம். 16 என்பது நான்கு இரண்டுகளின் பெருக்கல். எனவே நான்கு இரும இலக்கங்கள் சேர்ந்து ஒரு பதினறும இலக்கம் ஆகும். நம் இரும விடையை வலப்புறத்திலிருந்து நான்கு நான்காகப் பிரியுங்கள்: 1 | 1010 | 1110. இவற்றின் மதிப்புகள் 1, 10, 14. அதாவது 1AE. தனித்தனியே வகுத்துப் பெற்ற இரு விடைகளும் ஒத்துப்போகின்றன. ஒவ்வாவிட்டால் எங்கோ ஒரு மீதி தவறியிருக்கிறது என்று பொருள்.