வலிக்காத வெள்ளைப் படலம்

கேள்வி: கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு வயது 52. வெற்றிலை மடித்து அதக்கும் இடது கன்னத்தின் உட்புறம் இரண்டு மாதமாக வெள்ளையாக இருக்கிறது. வலி இல்லை என்று வைத்தியரிடம் வர மறுக்கிறார்.
– வாசகி, ஹல்துமுல்லை

பதில்: வலி இல்லை என்பதால்தான் மகளே, அவசரப்படுத்துகிறேன். சூட்டுப்புண் என்று நாம் சொல்லும் சாதாரண வாய்ப்புண் சிறிதாக, வட்டமாக, சிவந்த ஓரத்தோடு இருக்கும். காரம் பட்டால் உயிர் போகும், ஆனாலும் பத்து, பதினான்கு நாளில் ஆறிவிடும். கூர்ப்பல் குத்திய புண்ணும், பல்லைச் சீராக்கினால் இரண்டு கிழமையில் ஆறவேண்டும். ஆறாதது எதுவானாலும் பார்க்க வேண்டியதே.

வெள்ளைப் படலம் வேறு விஷயம். ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் தயிர்போல் வழித்து வருவது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அம்மாவுக்கு அப்படித் துடைத்தும் வராவிட்டால், அதிலும் வெற்றிலை ஒதுங்கும் இடத்திலேயே இருந்தால், புற்றுநோய்க்கு முந்திய மாற்றமாக இருக்கலாம். எல்லாப் படலமும் புற்றாவதில்லை. எது ஆகும் என்று கண்ணால் சொல்ல முடியாது. சிறு துண்டெடுத்துச் சோதிப்பார்கள். நடுவே சிவப்போ, தடவினால் கெட்டியோ இருந்தால் நாள் கடத்த வேண்டாம்.

வாய்க்குள் மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் பாக்கு கன்னத்தை இறுக்கத் தொடங்கியிருக்கலாம். புகையிலையை விட்டால் போதும் என்பார்கள்; பாக்கே தனியாகப் புற்றை உண்டாக்கும். தியத்தலாவை அல்லது பதுளை வைத்தியசாலையின் பல் பிரிவுக்கு இந்தக் கிழமையே அழைத்துப் போங்கள். அதுவரை களிம்பு பூசிப் பார்க்க வேண்டாம்.