மாத வாலட்டிலிட்டியை ஆண்டுக் கணக்காக்குவதும் மாதந்தோறும் புதுப்பிப்பதும்: நிஃப்டி 2020-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

2020 மார்ச் மாதத்தில் நிஃப்டி 50 குறியீடு 11,201.75-லிருந்து 8,597.75-க்கு இறங்கியது. ஒரே மாதத்தில் 23 சதவீதத்துக்கும் மேலான சரிவு. அந்த மார்ச் 31 மாலையில், இனி வரும் மாதத்துக்கான வாலட்டிலிட்டி எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சரிவு நடந்த மாதத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது, பழைய அமைதியான மாதங்களுக்கு எவ்வளவு எடை கொடுப்பது, கிடைத்த விடையை ஆண்டுக் கணக்காக எப்படிச் சொல்வது என்று மூன்று கேள்விகள் எழும். ஒரு எக்செல் தாளில் நான்கைந்து பத்திகள் போதும், மூன்றுக்கும் விடை கண்டுவிடலாம். ஆனால் வேலை செய்யும் வரிசை மாறினால் விடை பெரிதாகப் பிசகிவிடும். அதனால் வரிசையைத்தான் இந்தக் கட்டுரை அதிகம் வலியுறுத்தும்.

முதலில் வருவாய். மாத இறுதி விலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த மாத விலையைச் சென்ற மாத விலையால் வகுத்து, அதற்கு இயல் மடக்கை காணுங்கள். சாதாரண சதவீதத்தை விட்டுவிட்டு மடக்கை வருவாயை எடுப்பதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு மாதங்களின் மடக்கை வருவாய்களைக் கூட்டினால் அப்படியே ஆண்டின் மடக்கை வருவாய் கிடைக்கும். சதவீதங்களைக் கூட்டினால் கிடைக்காது. மார்ச் 2020-க்கு இந்த எண் −0.2646. ஏப்ரலில் குறியீடு 9,859.90-க்கு மீண்டது, அதன் மடக்கை வருவாய் +0.1370. மே இறுதியில் 9,580.30, வருவாய் −0.0288.

மாதங்களைக் கூட்டினால் ஆண்டு என்பதிலிருந்தே ஆண்டுக் கணக்காக்கும் விதியும் பிறக்கிறது. ஒரு மாதத்து வருவாய்க்கும் அடுத்த மாதத்து வருவாய்க்கும் தொடர்பில்லை என்று கொண்டால், பன்னிரண்டு மாதங்களின் பரவற்படிகளைக் கூட்டியதே ஆண்டின் பரவற்படி. எல்லா மாதங்களுக்கும் ஒரே பரவற்படி என்றால் 12-ஆல் பெருக்கினால் போதும். வாலட்டிலிட்டி என்பது பரவற்படியின் வர்க்கமூலம். ஆகவே அதை 12-ஆல் பெருக்கக் கூடாது, 12-இன் வர்க்கமூலமான 3.464-ஆல் பெருக்க வேண்டும். மாத வாலட்டிலிட்டி 4 சதவீதம் என்றால் ஆண்டுக் கணக்கு 13.9 சதவீதம். 48 சதவீதம் அல்ல. மியூச்சுவல் ஃபண்ட் அறிக்கையில் திட்ட விலக்கம் என்று ஒரு எண்ணைப் பார்த்தால், அது மாதக் கணக்கா ஆண்டுக் கணக்கா என்பதை அடிக்குறிப்பில் பார்த்துவிட்டே ஒப்பிடுங்கள். பங்கு ஃபண்டுக்கு 4 அல்லது 5 என்றிருந்தால் அது மாதக் கணக்காகத்தான் இருக்கும்.

அடுத்தது புதுப்பித்தல். பெரும்பாலோர் செய்வது கடந்த 36 மாதங்களின் வருவாய்களுக்குச் சம எடை கொடுத்துத் திட்ட விலக்கம் காண்பது. அதில் ஒரு குறை இருக்கிறது. மார்ச் 2020-இன் சரிவு 36 மாதங்களும் அதே முழு எடையோடு கணக்கில் உட்கார்ந்திருக்கும். 2023 மார்ச் முடிந்ததும் சாளரத்தை விட்டு வெளியேறும், அன்று வாலட்டிலிட்டி திடீரென்று இறங்கும். சந்தையில் அன்று எதுவும் நடந்திருக்காது, கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு பழைய மாதம் விழுந்திருக்கும், அவ்வளவுதான். 'இந்த ஃபண்டின் ரிஸ்க் குறைந்துவிட்டது' என்று அந்த நேரத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எடையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும் நகரும் சராசரி இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஜே.பி. மார்கன் வங்கி 1994-இல் வெளியிட்ட ரிஸ்க்மெட்ரிக்ஸ் முறை இதைப் பரவலாக்கியது. விதி ஒரே வரிதான்: புதிய பரவற்படி என்பது பழைய பரவற்படியின் லாம்டா மடங்கோடு, இந்த மாத வருவாயின் வர்க்கத்தை ஒன்றிலிருந்து லாம்டாவைக் கழித்த அளவுக்கு எடுத்துக் கூட்டியது. ரிஸ்க்மெட்ரிக்ஸ் நாள் தரவுக்கு லாம்டாவை 0.94 என்றும் மாதத் தரவுக்கு 0.97 என்றும் வைத்தது. இந்தியாவில் குறியீட்டு ஃப்யூச்சர்ஸ் வர்த்தகத்துக்கு இடர்க் கட்டுப்பாட்டு விதிகளைப் பரிந்துரைத்த ஜே.ஆர். வர்மா குழுவும் 1998-இல் இதே முறையைத்தான் நாள் தரவுக்கு 0.94 வைத்துச் சொன்னது. நாளுக்கான 0.94-ஐ அப்படியே மாதத் தரவில் போட்டுவிடும் வழக்கம் உண்டு. அது தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன் விளைவு தெரிந்து போட வேண்டும். கீழே இரண்டையும் பார்க்கலாம்.

தாளை இப்படி அமையுங்கள். A பத்தியில் மாதம், B-யில் விலை, C-யில் மடக்கை வருவாய், D-யில் மாதப் பரவற்படி, E-யில் ஆண்டு வாலட்டிலிட்டி. முதல் வரி தலைப்பு. G1 கட்டத்தில் லாம்டா. இரண்டாம் வரியில் பிப்ரவரி 2020 விலையும், D2-இல் தொடக்கப் பரவற்படியும் இருக்கட்டும். மூன்றாம் வரியிலிருந்து சூத்திரங்கள்:

```
C3:  =LN(B3/B2)
D3:  =$G$1*D2+(1-$G$1)*C3^2
E3:  =SQRT(12*D3)
```

தொடக்கமாக மாத வாலட்டிலிட்டி 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். அதன் வர்க்கம் 0.0016, அது D2-இல் போகும். லாம்டா 0.97. மார்ச்சில் பழைய பரவற்படியின் பங்கு 0.97 × 0.0016 = 0.001552. வருவாயின் வர்க்கம் 0.0700, அதில் 0.03 பங்கு 0.0021. இரண்டும் சேர்ந்து 0.003652. வர்க்கமூலம் எடுத்தால் மாத வாலட்டிலிட்டி 6.04 சதவீதம், ஆண்டுக் கணக்கில் 20.9 சதவீதம். மூன்றே விழுக்காடு எடை பெற்ற ஒரு மாதம், மீதி எல்லா மாதங்களும் சேர்ந்து கொடுத்ததைவிட அதிகம் கொடுத்திருக்கிறது. வர்க்கம் எடுப்பதன் வலிமை அது.

ஏப்ரலில் சந்தை ஏறியது, ஆனால் வாலட்டிலிட்டி இறங்கவில்லை. 0.97 × 0.003652 = 0.003542, அதோடு 0.03 × 0.01876 = 0.000563, மொத்தம் 0.004105. ஆண்டுக் கணக்கில் 22.2 சதவீதம். நல்ல மாதம் வந்தும் எண் கூடுகிறதே என்று குழம்ப வேண்டாம். வர்க்கத்துக்கு ஏற்றமும் இறக்கமும் ஒன்றுதான். வந்த வருவாயின் அளவு அதுவரை மதிப்பிட்ட மாத வாலட்டிலிட்டியைவிடப் பெரிதாக இருந்தால் எண் ஏறும், சிறிதாக இருந்தால் இறங்கும். மே மாதம் 2.9 சதவீதம் மட்டுமே நகர்ந்தது, அது ஏப்ரல் இறுதியில் மதிப்பிட்ட மாத வாலட்டிலிட்டியான 6.4-ஐவிடச் சிறிது, ஆகவே விடை 21.9-க்கு வந்தது. தாள் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

G1-இல் 0.94 போட்டுப் பாருங்கள். மார்ச்சில் விடை 26.2 சதவீதமாகவும், ஏப்ரலில் 27.9 ஆகவும் மாறும். லாம்டா 0.97 என்றால் ஒரு மாதத்தின் எடை பாதியாகக் குறைய ஏறத்தாழ 23 மாதங்கள் ஆகும், 0.94 என்றால் 11 மாதங்கள். சந்தையின் மாற்றத்தை உடனே பிடிக்க வேண்டும் என்பவருக்கு 0.94 பொருந்தும், ஆனால் ஒரு தனி மாதத்தின் தற்செயலும் அதில் பெரிதாகத் தெரியும். மாதத் தரவுக்கு நான் 0.97-ஐயே எடுப்பேன். மாதத்துக்கு ஒரே ஒரு வருவாய்தான் கிடைக்கிறது, அதை நம்பி அளவுக்கு மேல் ஆடக் கூடாது.

மெதுவான லாம்டாவுக்கு ஒரு விலையும் உண்டு. தொடக்க எண் நெடுநாள் தங்கும். 24 மாதங்கள் கழித்தும் D2-இன் எடை 0.97-இன் 24-ஆம் அடுக்கு, அதாவது 0.48. இரண்டு ஆண்டுத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொன்னால், அதில் பாதி எடை நீங்கள் தொடக்கத்தில் எழுதிய ஊகத்தின் மீதுதான் நிற்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அது 0.16 ஆகும். எனவே தொடக்கத்தை மனம்போனபடி எழுதாமல், அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளின் சாதாரணப் பரவற்படியைப் போடுங்கள். இரண்டு வேறு தொடக்கங்களில் ஓட்டி இறுதி விடை எவ்வளவு மாறுகிறது என்றும் பாருங்கள்.

இனி வரிசைப் பிசகு. சிலர் D பத்தியிலேயே ஆண்டுப் பரவற்படியை வைத்துவிடுகிறார்கள், வருவாய் மட்டும் மாதத்ததாகவே இருக்கிறது. மேலே சொன்ன தொடக்கத்தின் ஆண்டுப் பரவற்படி 0.0192. அதை 0.97-ஆல் பெருக்கி, மார்ச்சின் 0.0021-ஐக் கூட்டினால் 0.0207, வர்க்கமூலம் 14.4 சதவீதம். சரியான விடை 20.9. நிஃப்டி ஒரே மாதத்தில் கால்வாசி விழுந்தும் எண் 13.9-லிருந்து 14.4-க்கு மட்டுமே நகர்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும். ஆபத்து அங்கேதான். இந்தத் தவற்றோடு தாளை ஓட்டிக்கொண்டே போனால் வாலட்டிலிட்டி மாதந்தோறும் சரிந்து, மாத அளவை நோக்கிப் போகும். புதுப்பித்தல் முழுவதும் மாதக் கணக்கிலேயே நடக்கட்டும், 12-ஆல் பெருக்குவது கடைசிப் பத்தியில் மட்டும்.

வர்க்கமூல விதி எங்கே பொய்க்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாதங்களுக்கிடையே தொடர்பில்லை என்ற அனுமானம் நிஃப்டி போன்ற குறியீட்டுக்கு ஓரளவு பொருந்தும். அரிதாகவே கைமாறும் சொத்துகளை வைத்திருக்கும் ரியல் எஸ்டேட் ஃபண்டுக்குப் பொருந்தாது. அங்கே மதிப்பீடுகள் மெல்ல மெல்ல மாற்றப்படுவதால் ஒரு மாதத்தின் நகர்வு அடுத்த மாதத்திலும் தொடரும். அடுத்தடுத்த மாதங்களின் ஒட்டுறவு 0.2 ஆக இருந்து, அது மாதத்துக்கு மாதம் அதே விகிதத்தில் தேய்ந்தால், பெருக்க வேண்டிய எண் 3.464 அல்ல, ஏறத்தாழ 4.17. மாதம் 4 சதவீதம் என்பது ஆண்டுக்கு 13.9 அல்ல, 16.7 சதவீதம். C பத்தியை ஒரு வரி தள்ளி அதனோடே CORREL போட்டுப் பார்த்தால் இந்த ஒட்டுறவு தெரியும். தரவு குறைவாக இருந்தால் அந்த எண்ணே தடுமாறும், ஆகவே ஐந்தாறு ஆண்டுகளுக்குக் குறையாத தொடரில் பாருங்கள்.

மார்ச் 31 அன்று கிடைத்த 20.9 ஏப்ரல் மாதத்துக்கான மதிப்பீடு. மார்ச் வருவாயை வைத்தே கண்ட எண்ணை மார்ச்சுக்கான முன்னறிவிப்பாகக் காட்டினால், முறை உண்மையில் இருப்பதைவிட மிகத் திறமையானதாகத் தோன்றும். இன்னொன்று, ஆண்டுக் கணக்கு என்பதால் அடுத்த ஓராண்டு முழுவதும் 20.9 இருக்கும் என்று பொருள் அல்ல. கலக்கம் அடங்கி வாலட்டிலிட்டி வழக்கமான நிலைக்குத் திரும்பும் போக்கு இந்தச் சூத்திரத்தில் இல்லை, அதற்குக் கார்ச் வகை மாதிரிகள் வேண்டும். இது அடுத்த மாதத்தின் மதிப்பீட்டை ஆண்டு அலகில் எழுதியது மட்டுமே. ஆகவே இந்த எண்ணை யாருக்கு அனுப்பினாலும், எந்த மாதத்துக்கானது, லாம்டா எவ்வளவு, தொடக்கப் பரவற்படி எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.