தொட்டிலும் விகிதமும்: ஒரு விளக்கப்படத்தை அதன் எண்களாலேயே சோதித்தல்

தர்மபுரி மாவட்டத்தில் பெண் குழந்தைகளின் நிலையை விளக்கும் சுகாதாரப் படங்களுக்கு அடிப்படையாக அமைபவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தரும் இரண்டு எண்கள்: 2001இல் 826, 2011இல் 913. ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் உள்ளனர் என்பதைச் சொல்லும் இந்த அளவு, குழந்தைப் பாலின விகிதம் எனப்படும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டமே இந்த உயர்வுக்குக் காரணம் என்பது அரசுத் தரப்பிலும் சொல்லப்பட்டு வந்த கூற்று. அந்த இரண்டு எண்களையும் ஒரு தொட்டிலின் படத்தையும் அருகருகே அச்சிட்டுவிட்டால், காரணம் நிறுவப்பட்டது போன்ற தோற்றம் பார்ப்பவருக்குத் தானாகவே எழும்.

இந்த எண்களைப் பட்டை வரைபடமாகக் காட்டினால், முதலில் கவனிக்க வேண்டியது பட்டையின் அடிக்கோடு. அது பூஜ்யத்தில் தொடங்காமல் 800இல் தொடங்கினால், 826க்கு 26 அலகு உயரமும் 913க்கு 113 அலகு உயரமும் கிடைப்பதால், இரண்டாவது பட்டை முதலாவதைப் போல் நான்கு மடங்குக்கும் மேலாக நிற்கும். உண்மையான உயர்வோ ஏறத்தாழ பத்தரை விழுக்காடுதான். எந்த நிலப்பரப்புக்கு உரிய எண் என்பதும் அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது. ஏனெனில் 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டதால், பிரிவுக்கு முந்தைய பெரிய தர்மபுரியின் எண்ணை இன்றைய தர்மபுரியின் எண்ணோடு ஒப்பிடுவது இரு வேறு ஊர்த்தொகுதிகளை ஒப்பிடுவதாகும். மேற்சொன்ன 826 இன்றைய எல்லைக்கு உரியதாகவே கணக்கிடப்பட்டது என்பதால் இந்த ஒப்பீட்டில் அந்தக் குறை இல்லை. ஆகவே விகிதம் உயர்ந்தது என்பதை எண்கள் தாங்குகின்றன. அதே பத்தாண்டில் மாநில விகிதம் 942, 943 என்று அசையாமல் நின்றதால், தர்மபுரியில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று சொல்லவும் இடமுண்டு.

தொட்டிலே காரணம் என்ற பகுதிக்கு வரும்போதுதான் கணக்கு இடறுகிறது. 2011இல் மாவட்டத்தில் இந்த வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஏறத்தாழ 88 ஆயிரம் பேர். ஆயிரத்துக்கு 87 கூடுதல் என்றால், விகிதம் பழைய நிலையிலேயே இருந்திருந்தால் இருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 7,650 பெண் குழந்தைகள் கூடுதலாக இருந்தாக வேண்டும். படத்தின் ஓரத்தில் மாவட்டத் தொட்டில் மையம் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை அச்சாகியிருந்தால், அதை இந்த 7,650க்குப் பக்கத்தில் வைத்தாலே போதும். அது சில நூறு என்று இருக்குமானால், கூற்றும் எண்ணும் ஒரே தாளில் இருந்துகொண்டே ஒன்றையொன்று மறுக்கின்றன என்று கொள்ளலாம். இதைவிடவும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. தொட்டிலில் விடப்பட்ட குழந்தை தத்துக் கொடுக்கப்பட்டு வேறு மாவட்டத்தில் வளர்ந்தால், கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்துக் குழந்தையாகவே பதிவாகும். காப்பாற்றப்பட்ட உயிர் தர்மபுரியின் விகிதத்தில் ஒரு புள்ளியைக்கூட ஏற்றாது.

திட்டம் குழந்தைகளைப் பெற்றுக்கொண்டதால் அல்லாமல், பெற்றோரின் மனத்தை மாற்றியதால் விகிதத்தை உயர்த்தியது என்று வாதிடலாம். அப்படியானால் 1992 முதலே தொட்டில் வைத்த சேலத்தில் அதன் தடம் முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகள் கழித்து 2001இல் சேலத்தின் விகிதம் 851 என்ற தாழ்ந்த நிலையிலேயே இருந்தது, பிறகே 916ஆக உயர்ந்தது. கருவின் பாலினத்தை ஸ்கேன் மூலம் அறிவிப்பதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் 2003இல் கடுமையாக்கப்பட்டது, 1990களின் பிற்பகுதியில் தர்மபுரிச் சிற்றூர்களில் வீதிநாடகங்கள் வழியே பெண் சிசுக்கொலைக்கு எதிராக நடந்த பிரசாரம் ஆகியவையும் ஏறத்தாழ அதே காலத்தவை. இவற்றின் பங்கையும் தொட்டிலின் பங்கையும் 826, 913 என்ற இரு எண்களால் பிரித்துக் காட்ட இயலாது.

ஆறு வயது வரையுள்ளோரைக் கணக்கிடும் விகிதம், கருவிலேயே நீக்கப்பட்டவர்களையும் பிறந்தபின் இறந்தவர்களையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. தொட்டில் தடுக்கக்கூடியதோ பிந்தியதை மட்டுமே. எனவே திட்டத்தை எடைபோட விரும்பும் படத்தில் இருக்க வேண்டியவை, பிறப்புப் பதிவேட்டின்படி ஆண்டுதோறும் பிறந்த ஆண், பெண் எண்ணிக்கையும், பிறந்த முதல் சில நாட்களில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை பால்வாரியாகவும். இயல்பான சூழலில் அந்த நாட்களில் ஆண் குழந்தைகளின் இறப்பே சற்று மிகுதி. பெண் இறப்பு அதை மிஞ்சினால் சந்தேகத்துக்கு இடமுண்டு. இத்தகைய தரவு கிடைக்காதது அன்று: 1995ஆம் ஆண்டின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் இறப்புக்கான காரணமாக ‘சமூகக் காரணம்’ என்று குறிக்கப்பட்டிருந்த குறிப்புகளைத் தொகுத்தே ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் தமிழகத்தின் பெண் சிசுக்கொலை பற்றிய தமது ஆய்வை 1997இல் வெளியிட்டனர்.