விர்ச்சுவல் ஷார்ட்டை எப்போ நம்பலாம்?

ஆப்-ஆம்ப் ஸ்லைடுகளில் "V+ = V−" என்று ஒரு வரி வரும். ரெண்டு இன்புட்டுக்கும் நடுவில் ஒயரே இல்லை, அப்புறம் எப்படி ஒரே வோல்டேஜ்?

741 ஐசியில் ஒரு இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபையர் எடுத்துக்குவோம். சப்ளை ±12 V, இன்புட் ரெசிஸ்டர் 1 kΩ, ஃபீட்பேக் ரெசிஸ்டர் 10 kΩ. பிளஸ் பின் கிரவுண்டில் இருக்கு. இன்புட் 0.5 V.

மைனஸ் பின் துளி மேலே ஏறினாலும் அவுட்புட் நெகட்டிவ் பக்கம் இறங்கி, 10 kΩ வழியாக அந்தப் பின்னைத் திரும்பக் கீழே இழுக்கும். 741-இன் ஓப்பன் லூப் கெயின் சுமார் 2,00,000. அதனால் அவுட்புட்டில் 5 V வர, இன்புட்டில் 25 µV வித்தியாசமே போதும். அதைத்தான் பூஜ்யம்னு எடுத்துக்கிறோம்.

இனி கணக்கு சுலபம். மைனஸ் பின் 0 V என்றால் 1 kΩ-இல் 0.5 mA ஓடும். ஐசிக்குள் கரன்ட் போவது மிகமிகக் குறைவு, அதனால் அத்தனையும் 10 kΩ வழியாகத்தான் போகணும். அங்கே 5 V டிராப், ஆக அவுட்புட் −5 V.

இப்போ இன்புட்டை 2 V ஆக்குங்க. ஃபார்முலா −20 V என்கும். ஆனால் சப்ளையே −12 V தான். அவுட்புட் −10 V பக்கத்திலேயே நின்னுடும், அதுக்கு மேல் இழுக்க முடியாது. 2 V-க்கும் −10 V-க்கும் நடுவில் 11 kΩ, கரன்ட் சுமார் 1.09 mA. மைனஸ் பின் 0.9 V-க்கு ஏறிடும். விர்ச்சுவல் ஷார்ட் போச்சு.

லேபில் அவுட்புட் தப்பா வந்தா, முதலில் பின் 2-க்கும் பின் 3-க்கும் நடுவில் மல்டிமீட்டரை வைங்க. சில மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஃபீட்பேக் வேலை செய்யுது, ரெசிஸ்டர் மதிப்பைச் சரிபாருங்க. 0.9 V மாதிரி காட்டினால் அவுட்புட் சாச்சுரேஷனில் இருக்கு, இல்லைனா ஃபீட்பேக் ஒயர் விட்டுப்போச்சு.