உதவித்தொகை அறிவிப்பைப் படிப்பது எப்படி?

பிளஸ் டூ முடிவு வந்த சில நாட்களிலேயே பள்ளிவாசல் பலகையிலும் கைப்பேசியிலும் கல்வி உதவித்தொகை அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. பெரும்பாலும் ஐந்தாறு வரிகள்தாம். தொகை எவ்வளவு என்பதையும் கடைசித் தேதியையும் பார்த்துவிட்டு நம் வீடுகளில் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்து விடுகிறார்கள். இடையிலுள்ள சொற்களில்தான் விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. பழகிய நடையில் ஒரு மாதிரி அறிவிப்பை எடுத்துக்கொண்டு அதை வரி வரியாகப் பார்ப்போம்.

“குடும்ப ஆண்டு வருமானம் 2 இலட்சம் ரூபாய்க்கு மிகாத, பிளஸ் டூ தேர்வில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் பெற்று, இவ்வாண்டு கல்லூரி முதலாண்டில் சேரும் மாணவ மாணவியர் மட்டும் விண்ணப்பிக்கலாம். தாய் தந்தையை இழந்தோருக்கு முன்னுரிமை. வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், படிப்புச் சான்று, கட்டண ரசீது, மாணவர் பெயரிலுள்ள வங்கிப் புத்தக நகல், ஜமாஅத் கடிதம் இணைக்க வேண்டும். விண்ணப்பம் ஜூலை 31 மாலை 5 மணிக்குள் அலுவலகம் வந்து சேர வேண்டும். தேர்வாவோர் நேர்காணலுக்கு அழைக்கப்படுவர்.”

இதில் ‘மட்டும்’, ‘முன்னுரிமை’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘மட்டும்’ என்பது கதவைச் சாத்தும் சொல். ‘முன்னுரிமை’ அப்படியல்ல. தாய் தந்தை இருவரும் உள்ள பிள்ளையும் விண்ணப்பிக்கலாம், வரிசையில் பின்னால் நிற்கும், அவ்வளவே. “இது எத்தீம் பிள்ளைகளுக்கானது” என்று தாமாகவே முடிவுகட்டி ஒதுங்கிவிடும் வீடுகளை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

இனி ஒரு மாணவியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணிதம் 66, இயற்பியல் 64, வேதியியல் 64, கணினி அறிவியல் 52, தமிழ் 52, ஆங்கிலம் 54. பொறியியல் கட்-ஆஃப் கணக்கில் கணிதம் முழுதாக 66. இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதியாக 32, 32. ஆக 200க்கு 130, அதாவது 65 விழுக்காடு. வீட்டில் எல்லோர் வாயிலும் இந்த 65தான் இருக்கும். ஆனால் அறிவிப்பு கேட்பது பிளஸ் டூ மொத்த மதிப்பெண். அது 600க்கு 352; விழுக்காடு 58.67 தான். 360 இருந்தால்தான் 60. கட்-ஆஃபை எழுதி விண்ணப்பித்தால், மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் முதல் நிமிடத்திலேயே அது தனியே வைக்கப்பட்டுவிடும். இந்த மாணவி இதற்காக அலையாமல், மதிப்பெண் வரம்பு 50 என்றுள்ள வேறு அறிவிப்பைத் தேடுவதே மேல்.

அடுத்தது வருமானம். இதில்தான் அதிகச் சங்கடம். ‘குடும்ப’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வாப்பா வாகனம் ஓட்டி மாதம் 15,000 கொண்டுவருகிறார் என்றால் ஆண்டுக்கு 1,80,000, வரம்புக்குள் இருக்கிறது. உம்மா தையலில் மாதம் 2,500 சம்பாதித்தால் அது 30,000. இரண்டும் சேர்ந்து 2,10,000, வரம்பைத் தாண்டிவிட்டது. “தையலெல்லாம் ஒரு வருமானமா” என்று அதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. நேர்காணலில் பிள்ளையிடம் “உம்மா என்ன செய்கிறார்கள்?” என்று கேட்டால் பிள்ளை உண்மையைச் சொல்லிவிடுகிறது. அதன்பின் மொத்த விண்ணப்பத்தின் மீதும் சந்தேகம் விழுகிறது. மாறாக உள்ளதை எழுதி, வாடகை எவ்வளவு, நோயாளி யார், கடன் என்ன என்று ஒரு தாளில் இணைத்து, வரம்பை ஒட்டி நிற்கும் குடும்பங்களைப் பரிசீலிப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம். எல்லா அறக்கட்டளையும் இசையாது. சில இசையும்.

இந்த வரம்பு ஏன் இவ்வளவு கண்டிப்பாகக் கேட்கப்படுகிறது என்றால், நம்மிடையே பல உதவித்தொகைகள் ஸகாத் பணத்திலிருந்து தரப்படுகின்றன. அது யாருக்குச் சேர வேண்டும் என்பது சூரா அத்தவ்பாவின் 60ஆம் வசனத்தில் எட்டு வகையாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதில் முதலில் வருவோர் ஏழைகளும் வறியவர்களும். கொடுப்பவரின் அமானத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் சான்று கேட்காமல் இருக்க முடியாது. ஸதகா நிதி தனியாக வைத்திருக்கும் இடங்களில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. எந்த நிதி என்று கேட்பதில் தவறில்லை.

ஆவணங்கள் எதற்கென்றால், மேலே சொன்ன தகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சி. ஆகவே சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது. நம் வீடுகளில் அடிக்கடி நேர்வது பெயர்க் குழப்பம். ஆதாரில் ‘முகமது’, மதிப்பெண் பட்டியலில் ‘முஹம்மது’, வங்கிப் புத்தகத்தில் வெறும் ‘மு’. ‘பாத்திமா பீவி’ ஓரிடத்தில் ‘ஃபாத்திமா’ மட்டும் ஆகிவிடுகிறார். ஆங்கில எழுத்தில் ஓர் ‘எம்’ கூடினாலும் குறைந்தாலும் பணம் அனுப்பும்போது சிக்கல் வரலாம். மதிப்பெண் பட்டியலிலுள்ள பெயரை மூலமாக வைத்து மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துவது எளிது. பட்டியலைத் திருத்துவது நீண்ட வேலை.

வங்கிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டாண்டுகளுக்கு மேல் நீங்களாகப் பணம் போடவோ எடுக்கவோ செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும். எட்டாம் வகுப்பில் திறந்து மறந்துபோன கணக்கின் புத்தக நகலை இணைப்பவர்கள் உண்டு. வங்கிக்குப் போய் அதை உயிர்ப்பித்துவிட்டு நகல் எடுங்கள்.

கடைசித் தேதியை முன்னோக்கிப் பார்க்காமல் பின்னோக்கி எண்ண வேண்டும். ‘வந்து சேர வேண்டும்’ என்றிருப்பதால் 31ஆம் தேதி அஞ்சலில் போட்டால் பயனில்லை. வருமானச் சான்று இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பார்வைக்குப் பின் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். அதற்குப் பதினைந்து நாள் ஒதுக்குங்கள். ஏதாவது கேட்டுத் திருப்பினால் இன்னும் ஒரு வாரம். அப்படியானால் ஜூலை முதல் வாரத்திலேயே பதிந்திருக்க வேண்டும். படிப்புச் சான்றில் வேறொரு தொல்லை: கலந்தாய்வு முடியாமல் கல்லூரி அதைத் தராது, கலந்தாய்வோ ஜூலையைத் தாண்டியும் நீளும். அப்போது ஒதுக்கீட்டு ஆணையை வைத்து விண்ணப்பித்து, சான்றைப் பிறகு தரலாமா என்று அலுவலகத்தில் கேட்டு, பதிலைக் கையெழுத்துடன் விண்ணப்பத்திலேயே குறித்து வாங்குங்கள்.

தேர்வு முறை பற்றி அறிவிப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். நடப்பதோ மூன்று கட்டம். முதலில் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். குறை உள்ளவை அங்கேயே நிற்கும். பிறகு நேர்காணல். அதில் பாடக் கேள்விகளைவிட, மீதிக் கட்டணம் எங்கிருந்து வரும், வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள் என்பவையே முக்கியமாகக் கேட்கப்படும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் பெற்றவருக்குக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவர் அதை மறைக்காமல், புத்தகத்துக்கும் பயணத்துக்கும் உதவி கேட்டால் அது பொருந்தும். கடைசியாக, சில இடங்களில் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். கட்டண ரசீதைக் கேட்பதன் காரணமும் இதுதான்: கட்டாத பாக்கி இருந்தால் தொகையை நேரே கல்லூரிக்குச் செலுத்திவிடுவது பல அறக்கட்டளைகளின் வழக்கம்.

இன்னொன்று. கைப்பேசியில் வரும் அறிவிப்பில் ஆண்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது முதல் பிளஸ் டூ வரை படிக்கும் சிறுபான்மைப் பெண் பிள்ளைகளுக்கு மவுலானா ஆசாத் கல்வி அறக்கட்டளை வழங்கிவந்த பேகம் ஹஜ்ரத் மஹல் உதவித்தொகை அறிவிப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1989இல் தொடங்கிய அந்த அறக்கட்டளையையே மூடும்படி 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சகம் உத்தரவிட்டுவிட்டது. அதை நம்பி வருமானச் சான்றுக்கு வரிசையில் நிற்பதற்கு முன், ஆண்டும் அலுவலக முகவரியும் இல்லாத அறிவிப்பை எங்கள் அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். ஆண்டு, முகவரி, கடைசித் தேதி மூன்றும் இல்லாத எதையும் நாங்கள் பலகையில் ஒட்டுவதில்லை.