பணம் போட்டாச்சு என்கிறார், கணக்கில் இல்லையே!

கேள்வி: மொத்த வியாபாரம் செய்கிறேன். 12,400 ரூபாய் பில்லுக்குப் பணம் அனுப்பிவிட்டதாக வாடிக்கையாளர் சொல்கிறார். எங்கள் கணக்கில் வரவு இல்லை. என்ன பதில் எழுதுவது?

பதில்: ‘வரவில்லை’ என்று எழுதாதீர்கள், ‘எங்கள் பேரேட்டில் இன்னும் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். பணம் வங்கிக்கு வந்தும் பேரேட்டில் ஏறாமல் இருக்கலாம். 6,100 ரூபாய் பில்லையும் சேர்த்து அவர் 18,500 ஆக அனுப்பியிருந்தால், 12,400 என்று தேடினால் கிடைக்காது. எனவே அனுப்பிய தேதி, மொத்தத் தொகை, யுடிஆர் எண் மூன்றையும் கேளுங்கள். யுபிஐ என்றால் 12 இலக்க எண். ஸ்கிரீன்ஷாட் போதாதா என்றால், போதாது. அதைத் திருத்த முடியும், எண்ணை வங்கி அறிக்கையில் ஒப்பிட்டுவிடலாம். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரே என்று தயங்க வேண்டாம். எந்தக் கணக்கில், எந்தத் தேதிவரை பார்த்தீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டால், கேள்வி தேடலுக்கு உதவி கேட்பதாகவே படும். எண் இருந்தும் வரவு இல்லையென்றால், அனுப்பிய வங்கியில் அவர்தான் புகார் தர வேண்டும், அதையும் எழுதிவிடுங்கள்.